கேட்ட பெற்றோர் எந்த இடத்தில நிற்கினம்?

பலெர்மோவில இருந்து யாழ்ப்பாண ஆசிரியரிடம் இணையவழித் தமிழ் வகுப்பு கேட்கிற பெற்றோர் சிலர் சேராமலே போய்விடுகினம். "காசு கூடிப்போச்சு" என்று கட்டணத்தைக் குறைக்க முதல், அவர்கள் வந்த வழியைப் படிப்படியாக எழுதிப் பாருங்கோ.

ஒரு கணக்கு வைப்பம். வாட்ஸ்அப்பில் விசாரித்த குடும்பங்கள் 40. பதிவுப் பக்கத்தைத் திறந்தவை 30. மாதிரி வகுப்புக்கு நேரம் தெரிவு செய்தவை 12. வகுப்புக்கு வந்தவை 10. அதன்பிறகு கட்டணம் கேட்டுச் சேர்ந்தவை 8. அப்படியென்றால் காசு கேட்டு விட்டவை 2 குடும்பங்கள்தான். நேரம் தெரிவு செய்யிற இடத்திலேயே 18 குடும்பங்கள் நின்றுவிட்டன.

குளிர்காலத்தில் பலெர்மோவில் மாலை 6 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. நாங்கள் வேலை முடிஞ்சு வாற நேரம் ஆசிரியர் படுக்கிற நேரம்.

ஆனால் எண்கள் இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அந்த 18 குடும்பங்களில் ஐந்தாறு பேருக்குப் போன் எடுத்து, "ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்க வேணும். நேரம்தான் சிக்கல் என்றால் சனி காலை 9 மணியைச் சேர்க்கலாம். குளிர்காலத்தில் அது அங்கே பிற்பகல் 1.30. அடுத்த 40 குடும்பங்களை எண்ணி முடிக்கும்வரை வேறெதையும் மாற்றாதேங்கோ. மாற்றினால், எதனால் ஆட்கள் கூடினார்கள் என்று தெரியாமல் போய்விடும்.