9:3:3:1 வராதபோது

இருபண்புக் கலப்புக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, பதினாறு கட்டத்தைப் போடாதே என்பதுதான். புன்னெட் சதுரம் தப்பில்லை. ஆனால் தேர்வில் கேள்வி பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து வரும். நான்கு எண்களைக் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பார்கள். அங்கே பதினாறு கட்டம் உதவாது. எண்களைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். டீயை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் இருந்தாலும் நல்லது.

மெண்டலின் பட்டாணியிலிருந்தே தொடங்குவோம். 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், உருண்டை மஞ்சள் விதையையும் சுருங்கிய பச்சை விதையையும் கலந்த கலப்பு வருகிறது. F2 தலைமுறையில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 556 விதைகள். உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. இதை நேராக 9:3:3:1 என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். முதலில் நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் எண்ணுங்கள். உருண்டை 423, சுருக்கம் 133. ஏறத்தாழ 3:1. இப்போது வடிவத்தை மறந்துவிட்டு நிறத்தை எண்ணுங்கள். மஞ்சள் 416, பச்சை 140. அதுவும் 3:1.

ஆக, 9:3:3:1 என்பது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விகிதமே இல்லை. இரண்டு 3:1 ஒன்றோடொன்று பெருகியதுதான் அது. உருண்டையாக இருக்க வாய்ப்பு நான்கில் மூன்று. மஞ்சளாக இருக்கவும் நான்கில் மூன்று. இரண்டும் சேர்ந்து வர வாய்ப்பு பதினாறில் ஒன்பது. 556-இல் அது 313 விதை. மெண்டல் எண்ணியது 315. இப்படிப் பெருக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. ஒரு பண்பில் எந்த அல்லீல் கேமீட்டுக்குள் போகிறது என்பது, மற்றப் பண்பில் எது போகிறது என்பதைப் பாதிக்கக் கூடாது. சார்பின்றி ஒதுங்குதல் விதி சொல்வது இதைத்தான். மெண்டல் எடுத்த இந்த இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் அந்த நிபந்தனை நிறைவேறியது.

அது நிறைவேறாத இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேட்சனும் புன்னெட்டும் இனிப்புப் பட்டாணிச் செடியை வைத்து ஆய்வு செய்தார்கள். பூவுக்காக வளர்க்கும் செடி அது. நாம் சமைக்கும் பட்டாணி அல்ல. ஊதாப் பூவும் நீண்ட மகரந்தமும் உள்ள செடியை, சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் உள்ள செடியோடு கலந்தார்கள். F1 முழுக்க ஊதா, நீண்ட மகரந்தம். அதாவது இவை இரண்டும் ஓங்கு பண்புகள். F2-வில் 6952 செடிகள். ஊதா நீளம் 4831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1338.

பழையபடி பிரித்து எண்ணுவோம். ஊதா மொத்தம் 5221, சிவப்பு 1731. வகுத்துப் பாருங்கள், 3.02 வருகிறது. நீளம் 5224, உருண்டை 1728. அதுவும் 3.02. தனித்தனியே பார்த்தால் இரண்டு பண்புகளும் மெண்டல் சொன்னபடி அப்பழுக்கில்லாமல் நடந்துகொள்கின்றன. பெருக்கும்போதுதான் கணக்கு உடைகிறது. 9:3:3:1 என்றால் 3910, 1304, 1304, 435 என்ற அளவில் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. இரண்டு ஓரத்து வகைகளும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். நடுவிலுள்ள இரண்டும் மிகக் குறைவு. சிவப்பு உருண்டை மட்டும் மூன்று மடங்கு.

எந்த இரண்டு வகை கூடியிருக்கிறது என்று பாருங்கள். ஊதாவும் நீளமும் ஒரு பெற்றோரிடமிருந்து சேர்ந்து வந்தவை. சிவப்பும் உருண்டையும் மற்றவரிடமிருந்து சேர்ந்து வந்தவை. சேர்ந்து வந்தவை சேர்ந்தே போகப் பார்க்கின்றன. பிணைப்பை அடையாளம் காண வேண்டிய முறை இது: தனித்தனி விகிதம் சரியாக இருக்கும், கூட்டு விகிதம் மட்டும் பெற்றோர் வகைகளின் பக்கம் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் ஒருசேரக் கண்ணில் பட்டால்தான் பிணைப்பு என்று எழுத வேண்டும்.

எவ்வளவு இறுக்கமான பிணைப்பு என்பதையும் இதே எண்களிலிருந்து எடுக்கலாம். சிவப்பு உருண்டைச் செடி இரண்டு பண்பிலும் ஒடுங்கியது. ஆகவே அது பிறக்க ஆணிலிருந்தும் பெண்ணிலிருந்தும் சிவப்பு-உருண்டை கேமீட்டே வந்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை. அந்தச் செடிகள் மொத்தத்தில் 1338/6952, அதாவது 0.1925. இது அந்தக் கேமீட்டின் விகிதத்தை அதே விகிதத்தால் பெருக்கியது. வர்க்கமூலம் எடுத்தால் 0.44 சொச்சம். எனவே F1 செடி உண்டாக்கும் கேமீட்டுகளில் சுமார் 44 சதவீதம் சிவப்பு-உருண்டை. அதே அளவு ஊதா-நீளம். இரண்டும் சேர்ந்து 88. மீதி 12 சதவீதம்தான் சேர்க்கை மாறியவை. மறுகூட்டிணைவு வீதம் 12 சதவீதம் என்பதற்குப் பொருள் இதுதான்.

பேட்சனும் புன்னெட்டும் கேமீட்டுகள் 7:1:1:7 என்று உண்டாவதாகக் கணக்கிட்டார்கள். அதுவும் 12.5 சதவீதம்தான், கணக்கு சரி. காரணம்தான் பிடிபடவில்லை. சில வகைச் செல்கள் கூடுதலாகப் பெருகுவதால் இப்படி ஆகிறது என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் பழ ஈயை வைத்து ஆய்வு செய்த மார்கன்தான் 1911-இல் சரியான காரணத்தைச் சொன்னார். இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன. குன்றல் பகுப்பின்போது ஒத்த குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் சில சமயம் பிரிகின்றன. குறுக்கேற்றம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். இரண்டு மரபணுக்களுக்கும் இடையே தூரம் கூடக் கூட, அந்த இடைவெளியில் மாற்றம் நடக்கும் வாய்ப்பும் கூடும். மார்கனின் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட் 1913-இல் இந்த வீதத்தையே தூரமாக வைத்து முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். 1 சதவீத மறுகூட்டிணைவு ஒரு வரைபட அலகு. இன்று அதைச் சென்டிமார்கன் என்கிறோம்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வீதம் ஏன் 50 சதவீதத்தைத் தாண்டுவதில்லை? ஒத்த குரோமோசோம்கள் இரண்டும் சேரும்போது அங்கே நான்கு குரோமாட்டிடுகள் இருக்கின்றன. ஒரு குறுக்கேற்றத்தில் கலந்துகொள்பவை அவற்றில் இரண்டு மட்டும். மற்ற இரண்டும் பழையபடியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு செல்லிலும் தவறாமல் ஒரு குறுக்கேற்றம் நடந்தாலும், கேமீட்டுகளில் பாதிதான் சேர்க்கை மாறியவையாக இருக்கும். இடையில் குறுக்கேற்றங்கள் பல நடந்தாலும் சராசரி அந்தப் பாதியிலேயே நிற்கும். 50 சதவீதம் என்றால் நான்கு கேமீட்டும் சமம். அது சார்பின்றி ஒதுங்குவதற்குச் சமம். இதனால்தான் ஒரே குரோமோசோமில் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு மரபணுக்களும் 9:3:3:1 காட்டும். 9:3:3:1 வந்தது, எனவே வேறு வேறு குரோமோசோம் என்று யாராவது எழுதினால் அது அவசர முடிவு.

தேர்வுக் கேள்விகளில் F2-வைவிடச் சோதனைக் கலப்பே அதிகம் வரும். காரணம் எளிது. இரண்டு பண்பிலும் ஒடுங்கிய செடியோடு கலந்தால், அந்தச் செடி எதையும் மறைக்காது. F1 என்ன கேமீட் கொடுத்ததோ அது அப்படியே பிள்ளைகளின் புறத்தோற்றமாக வெளியே தெரியும். வர்க்கமூலம் தேவையில்லை, எண்ணினால் போதும்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். நெட்டை சிவப்புப் பூ F1 செடி, குட்டை வெள்ளைச் செடியோடு கலக்கப்பட்டது. பிள்ளைகள்: நெட்டை சிவப்பு 42, நெட்டை வெள்ளை 158, குட்டை சிவப்பு 162, குட்டை வெள்ளை 38. மொத்தம் 400. நெட்டை 200, குட்டை 200. சிவப்பு 204, வெள்ளை 196. தனித்தனியே இரண்டும் 1:1, சோதனைக் கலப்பில் வர வேண்டியபடியே. நான்கும் சமமாக, ஆளுக்கு 100 வரவில்லை. எனவே பிணைப்பு.

இதன் பிறகுதான் நிறையப் பேர் வழுக்குவது. ஓங்கு பண்புகள் இரண்டும் சேர்ந்த வகையும், ஒடுங்கு பண்புகள் இரண்டும் சேர்ந்த வகையும்தான் பெற்றோர் வகை என்று பழக்கத்தில் எடுத்துக்கொண்டு, 158-ஐயும் 162-ஐயும் கூட்டி 80 சதவீத மறுகூட்டிணைவு என்று எழுதிவிடுவார்கள். 50-ஐத் தாண்டிய விடை வந்ததுமே மணி அடித்திருக்க வேண்டும். பெற்றோர் வகை எது என்பதை எண்கள்தான் சொல்லும். அதிகமாக வந்த இரண்டே பெற்றோர் வகை. இங்கே அவை நெட்டை வெள்ளையும் குட்டை சிவப்பும். அப்படியென்றால் F1-இன் பெற்றோர் நெட்டை வெள்ளை ஒன்று, குட்டை சிவப்பு ஒன்று. மறுகூட்டிணைவுகள் 42-உம் 38-உம், ஆக 80. நானூறில் எண்பது, 20 சதவீதம். இரண்டு மரபணுக்களுக்கும் இடையே 20 வரைபட அலகு.

ஓங்கு அல்லீல்கள் இரண்டும் ஒரே குரோமோசோமில் இருப்பது இணைப்பு நிலை. ஆளுக்கொரு குரோமோசோமில் இருப்பது விலகல் நிலை. இந்தக் கேள்வி விலகல் நிலை. F2-வில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும். இனிப்புப் பட்டாணியில் இதே 12 சதவீதத்தை விலகல் நிலைக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பு-உருண்டை கேமீட் 6 சதவீதம்தான் இருக்கும். அதன் வர்க்கம் 0.0036. 6952 செடியில் 1338-க்குப் பதிலாக ஏறக்குறைய 25 செடிகள்தான். பிணைப்பின் அளவு அதேதான். மாறியது பெற்றோர் மட்டும்.

9:7, 12:3:1 போன்றவற்றைப் பிணைப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரே பண்பை இரண்டு மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கேமீட்டுகள் சமமாகத்தான் உண்டாகின்றன. எண்களைக் கூட்டினால் பதினாறின் பங்காக அடங்கும். பிணைப்பு விகிதம் அப்படி எந்த முழு எண் வாய்ப்பாட்டிலும் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக, கேள்வியில் பழ ஈ வந்தால் F1 ஆணா பெண்ணா என்று பாருங்கள். சாம்பல் உடல், இயல்பான சிறகு உள்ள ஈயை, கருப்பு உடல், குறுஞ்சிறகு உள்ள ஈயோடு கலந்து, F1 பெண்ணைச் சோதனைக் கலப்பு செய்த கணக்கு பல பாடப் புத்தகங்களில் உண்டு: 965, 944, 206, 185. மறுகூட்டிணைவு 391/2300, அதாவது 17 சதவீதம். அதே F1-இன் ஆண் ஈயை வைத்துக் கலந்தால் இரண்டே வகைதான் பிறக்கும், 1:1. ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. ஆகவே கேள்வியில் ‘ஆண்’ என்ற சொல் இருந்தால் அதை அடிக்கோடிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.