மீதி ஆறு பேர் எங்கே?

ஆண்டு விழா மேடையில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தால் பந்தலின் கடைசி வரிசை தேநீர் குடிக்க எழுந்துவிடும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, எப்போது நடனம் தொடங்கும் என்று பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நெளிந்துகொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் இரண்டே நிமிடம் பேசி, கேட்பவர்களை ஒரு காரியம் செய்ய வைக்க வேண்டும் என்றால் எப்படிப் பேசுவது?

இதைப் பார்க்க ஒரு மாதிரி உரை போதும். சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை பேசுவதாக வைத்துக்கொள்ளலாம்.

“பெற்றோர்களே, ஊர்ப் பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம். ஆண்டறிக்கை வாசித்தாயிற்று. அதில் இல்லாத ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வருஷம் பத்தாவதில் 41 பெண் பிள்ளைகள் பாஸ். நாம் எல்லோரும் கைதட்டினோம். பிளஸ் ஒன்னில் இங்கே சேர்ந்தவர்கள் 32 பேர். 3 பேர் டி.சி. வாங்கி வேறு பள்ளிக்குப் போனார்கள். மீதி ஆறு பேர் எங்கே?

நாங்கள் ஆறு வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்குத்தான் வந்தோம். அது எங்கள் தவறு.

ஒரு வீட்டில் ஓர் அம்மா கேட்டார்: ‘ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு, பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டுல எம்புள்ள எப்படி டீச்சர் வரும்?’ அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. வரும் ஜூனிலிருந்து ஸ்பெஷல் கிளாஸ் காலையில்தான். மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் கிளம்பிவிடலாம்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அதையும் நினைவில் வையுங்கள்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

இதை மாணவர்களிடம் கொடுத்து “பேசுபவரின் தொனி என்ன?” என்று கேட்டால், பெரும்பாலான விடைத்தாள்களில் “உணர்ச்சிகரமான தொனி” என்றோ “பெண் கல்வியை வலியுறுத்தும் தொனி” என்றோ எழுதியிருக்கும். முதல் விடை எந்த உரைக்கும் பொருந்தும். இரண்டாவது, தொனியே இல்லை, அது பொருள். எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது பொருள் என்றால், அந்த விஷயத்தின் மேலும் எதிரே இருப்பவர்கள் மேலும் அவருக்கு இருக்கும் மனநிலை, சொற்களில் தெரிவதுதான் தொனி. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று பெயர் கொடுத்திருக்கிறது. தொனிக்குப் பெயர் தேடி முழிக்கிற மாணவருக்கு இந்தப் பட்டியலே நல்ல தொடக்கம். பெயர் வைத்தால் மட்டும் போதாது, எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்றும் காட்ட வேண்டும்.

“மீதி ஆறு பேர் எங்கே?” என்ற வரியை எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் படித்தால் இது வெகுளி; பெற்றோரைக் கூண்டில் ஏற்றும் கேள்வி. ஆனால் கேட்டு முடித்த கையோடு “நாங்கள் வந்திருக்க வேண்டும்” என்று பழியின் ஒரு பங்கை அவரே எடுத்துக்கொள்கிறார். கேள்வியின் சூடு ஆதங்கமாக மாறிவிடுகிறது. எனவே “தொனி எங்கே மாறுகிறது?” என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது: நாங்கள்.

தமிழில் பேசுபவருக்கு இது கொடுப்பினை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அங்கே இந்த வித்தையைச் செய்ய முடியாது. இந்த உரையில் கைதட்டியது “நாம்”. தவறு செய்தது “நாங்கள்”. பெருமையை ஊரோடு பங்கு போட்டுவிட்டு, குறையைப் பள்ளியின் கணக்கில் எழுதுகிறார். இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் வித்தியாசம் தெரியும்: “நாங்கள் கைதட்டினோம். நாம் ஆறு வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். அது நம் தவறு.” செய்தி அதேதான். ஆனால் கடைசி வரிசை ஆள் “நான் ஏன் போக வேண்டும்?” என்று தேநீர்க் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்.

அடுத்தது, இணங்க வைப்பது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதற்கு மூன்று வழி சொன்னார்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, வாதத்தின் வலு. தலைமையாசிரியை முதல் வழியை வேலை அனுபவத்தைச் சொல்லிப் பெறவில்லை. “அது எங்கள் தவறு” என்ற வாக்கியத்தால் பெறுகிறார். தனக்குப் பாதகமானதைத் தானே சொல்பவர், மற்றதிலும் பொய் சொல்லமாட்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அந்த அம்மாவின் பேச்சைக் கொச்சை மாறாமல் அப்படியே சொல்வதில் இரண்டு வேலை நடக்கிறது. மேடைத் தமிழுக்கு நடுவே “எம்புள்ள” என்று வரும்போது பந்தலில் இருப்பவர்கள் தங்கள் குரலையே மைக்கில் கேட்கிறார்கள். அதோடு, தனக்கு எதிரான வாதத்தை அதன் முழு வலுவோடு மேடை ஏற்றுகிறார். “பெற்றோர்களுக்கு அக்கறை இல்லை” என்று சொல்லியிருந்தால் தடையைத் தவறாகக் கணித்ததாகியிருக்கும். தடை அக்கறைக் குறைவு இல்லை, இருட்டு. அதனால்தான் நேர மாற்றம் என்ற பதில் அறிவுரையைவிட எடுபடுகிறது.

உரையின் பலவீனமான இடம் 1000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் தொகை அது, தகவல் சரி. ஆனால் கைக்கு வர இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். சாலையில் வெளிச்சம் இல்லாததால் நின்ற பெண்ணின் வீட்டுக்கு அது பதிலாகாது. தலைமையாசிரியைக்கே அது தெரியும் போலிருக்கிறது. “அதையும்” என்று ஓர் உம்மையைப் போட்டு, துணைக் காரணமாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். “எது வலுவான வாதம், எது துணை வாதம்?” என்ற கேள்விக்கு இந்த உம்மையே சாட்சி.

கடைசி வரியில் ஒரு சின்ன ஏமாற்று. “அனுப்பாதீர்கள்” என்றதும் பந்தல் ஒரு நொடி திகைக்கும். அடுத்த வாக்கியம் திகைப்பைக் கோரிக்கையாக மாற்றும். அந்தக் கோரிக்கையில் யார், எதற்கு, எங்கே வர வேண்டும் எல்லாம் இருக்கிறது. “பெண் கல்வியைப் போற்றுவோம்” என்று முடித்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஜூனில் யாரும் வந்திருக்கமாட்டார்கள். எந்தத் தேதியில் சேர்க்கை என்று சொல்லாதது மட்டும் குறை.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: எதை அவர் சொல்லவில்லை? பத்தாவதோடு பெண் நிற்பதற்குப் பல ஊர்களில் காரணம் கல்யாணப் பேச்சு. அந்தச் சொல்லே உரையில் வரவில்லை. சட்டத்தையும் வயதையும் எடுத்து வீசியிருந்தால் வாதம் கூர்மையாகியிருக்கும் என்று ஒரு மாணவர் எழுதலாம். ஆறு வீட்டுக்காரர்களும் அதே பந்தலில் தங்கையின் நடனம் பார்க்க உட்கார்ந்திருக்கலாம், ஊர் திரும்பிப் பார்த்தால் அவர்கள் அடுத்த முறை பள்ளி வாசலை மிதிக்கமாட்டார்கள் என்று இன்னொருவர் எழுதலாம். உரையிலிருந்து வரியைக் காட்டினால் இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் போடலாம்.