மஞ்சள் அட்டைக்குப் பின்னால் ஒன்பது நாள்

நான் வேலை பார்த்த குழு, பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு மொபைல் செயலியைக் கவனித்துக்கொண்டிருந்தது. திரைகளைச் செய்வது நாங்கள். பணம் வாங்குவது, திருப்பித் தருவது எல்லாம் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்த பேமென்ட் குழுவின் பொறுப்பு. ரத்து செய்த டிக்கெட்டின் பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று பயணிக்குக் காட்டும் திரை ஒன்று எங்களிடம் வந்தது. அந்தத் தகவல் இருப்பது பேமென்ட் குழுவின் கணினிகளில். அவர்கள் ஒரு ஏபிஐ, அதாவது நாங்கள் கேட்டால் பதில் தரும் ஒரு கதவு, திறந்துவிட்டால்தான் எங்கள் திரையில் ஏதாவது தெரியும்.

புதன்கிழமை எங்கள் குழுவின் இளம் டெவலப்பர் அந்த வேலையின் அட்டையில் கொடி போட்டார். மென்பொருள் அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் ஜிராவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் Add flag என்பதை அழுத்தினால் அட்டை மஞ்சளாகிவிடும். காரணம் எழுதும் இடத்தில் "பேமென்ட் டீமுக்காக வெயிட்டிங்" என்று எழுதிவிட்டு அவர் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் நின்றபடி நடக்கும் கூட்டத்தில் அவர் முறை வரும்போது "அது இன்னும் பிளாக்ட்தான்" என்பார். நாங்களும் தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்ப்போம்.

ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, பொறுக்காமல் நானே மேலே ஏறிப் போனேன். பேமென்ட் குழுவின் லீட் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "நாங்களும் உங்களுக்காகத்தான் காத்திருக்கோம் சார்." கொடி போட்ட மறுநாளே அவர் தன் குழுவின் அட்டையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் வெவ்வேறு நாளில் ரத்து செய்தால், பணத்தின் நிலையை டிக்கெட்டுக்கு ஒன்றாகத் தர வேண்டுமா, இருக்கைக்கு ஒன்றாகத் தர வேண்டுமா? நல்ல கேள்வி. ஆனால் எங்களில் யாரையும் அதில் குறிப்பிடவில்லை. எங்கள் பலகையை அவர்கள் பார்ப்பதில்லை, அவர்கள் பலகையை நாங்கள் பார்ப்பதில்லை. எட்டு நாள் இரண்டு குழுவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வாசலிலேயே நின்றிருக்கிறோம். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை: இருக்கைக்கு ஒன்று.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டான் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வேலையில் கோளாறு கண்ட தொழிலாளி தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், ஒலி எழும்பும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார். குறித்த எல்லைக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். எங்கள் மஞ்சள் கொடியும் அந்த வம்சம்தான், ஆனால் அதில் மணி இல்லை. கொடி எங்கள் அட்டையில் ஏறுகிறது. யாரிடமிருந்து பொருள் வர வேண்டுமோ அவர் காதில் எதுவும் விழுவதில்லை. அட்டையில் அடையாளம் வைப்பதும் அடுத்த குழுவிடம் கேட்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவதைச் செய்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டதாக மனசு நம்பிவிடுகிறது.

அதன் பிறகு கொடி போடுவதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காரணத்தில் குழுவின் பெயரை எழுதினால் போதாது, வர வேண்டிய பொருளை எழுத வேண்டும். "பேமென்ட் டீம்" என்பது பொருளல்ல. "முன்பதிவு எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு இருக்கைக்கும் பணத்தின் நிலையும் தொகையும் தரும் ஏபிஐ, சோதனைக் கணினியில்" என்பது பொருள். கூடவே, யாரிடம் எந்த அட்டையில் கேட்டிருக்கிறோம், எந்தத் தேதியைத் தாண்டினால் எங்கள் வெளியீடு தள்ளிப்போகும் என்ற இரண்டும். ஜிராவில் இரு அட்டைகளையும் is blocked by என்ற இணைப்பால் கட்டிவிடலாம். அது அவர்கள் அட்டையில் blocks என்று தெரியும். ஆனால் இணைப்பு ஒரு குறிப்பு மட்டுமே. தனியாக விதி அமைக்காவிட்டால், தடைபட்ட அட்டையை முடிந்த வரிசைக்கு இழுத்துவிட்டாலும் ஜிரா தடுக்காது.

சில குழுக்கள் பலகையில் "பிளாக்ட்" என்று தனி வரிசையே வைத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டை அங்கே போனதும் அது எந்தக் கட்டத்தில் நின்றது, எழுதும்போதா சோதிக்கும்போதா, என்பது மறைந்துவிடுகிறது. அதைவிட, அந்த வரிசை வீட்டுப் பரண் மாதிரி ஆகிவிடும். ஏற்றியதை யாரும் இறக்குவதில்லை. அட்டை நின்ற இடத்திலேயே மஞ்சளாக உறுத்திக்கொண்டிருப்பதுதான் நல்லது.

கொடி போடும் முன் எங்களை நாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பொருள் இன்று மதியமே வந்துவிட்டால், இன்றே அதை எடுத்து வேலை செய்வோமா? இல்லை, கையில் வேறு வேலை இருக்கிறது, அடுத்த வாரம்தான் தொடுவோம் என்றால் அது தடையே அல்ல. வெறும் காத்திருப்பு. அதற்குக் கொடி போட்டு அவசரப்படுத்தினால், வாங்கி வைத்துவிட்டு நாமே ஒரு வாரம் தூங்கவைப்போம். அதை அவர்கள் கவனிப்பார்கள். அடுத்த முறை நிஜமாகவே அவசரம் என்றாலும் நம்ப மாட்டார்கள்.

இந்தத் திரை விஷயத்தில் இன்னொன்றும் புரிந்தது. முழு வேலையும் தடைபட்டிருக்கவில்லை. பதில் எந்த வடிவில் வரும் என்று இரு குழுவும் ஒப்புக்கொண்டுவிட்டால், பொய்யான ஒரு பதிலைத் தயார்செய்து வைத்துக்கொண்டு திரையை வரையலாம். அன்று அவர் மேசையிலேயே உட்கார்ந்து இந்த மாதிரியை எழுதினோம்:

```json
{
  "bookingId": "B4821",
  "refunds": [
    {"seat": "12", "status": "DONE", "amount": 640},
    {"seat": "13", "status": "PENDING", "amount": 640}
  ]
}
```

பழைய அட்டையை இரண்டாக உடைத்தோம். திரை வரைவது ஒன்று. உண்மையான ஏபிஐயோடு இணைப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு மட்டும் கொடி. நம் டெவலப்பர் திங்கள்கிழமை தொடங்கி புதன்கிழமை திரையை முடித்துவிட்டார். நாங்கள் இழந்த நாட்களில் பாதிக்கு மேல் இழக்கவே தேவையிருந்திருக்காது.

இனி நினைவூட்டுவது. எங்கள் ஊர் அலுவலகங்களில் "எனி அப்டேட்?" என்று இரண்டு வார்த்தையில் கேட்பதும், "ஜென்டில் ரிமைண்டர்" என்று தலைப்பிட்டு மேலாளரையும் பிரதியில் சேர்ப்பதும் பழக்கம். முதலாவதைப் படிப்பவர் எதைப் பற்றிய செய்தி, எந்த அட்டை, எப்போது வேண்டும் என்று தானே தேட வேண்டும். அவருக்கு அதே மாதிரி பத்துச் செய்திகள் வந்திருக்கும். இரண்டாவதில் ஜென்டில் என்ற சொல் இருக்கிறதே தவிர, படிப்பவருக்குக் கேட்பது பிரம்பின் ஓசை. என் அனுபவத்தில், மரியாதை என்பது "ப்ளீஸ்" எத்தனை முறை வருகிறது என்பதில் இல்லை. எதிராளி எழுந்து தேடாமல், உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லும்படி கேட்பதில் இருக்கிறது.

டெவலப்பரும் நானும் சேர்ந்து எழுதிய செய்தி இது. தனி அரட்டையில் அனுப்பாமல் அவர்கள் அட்டையிலேயே, லீடைக் குறிப்பிட்டுப் போட்டோம். அவர் விடுப்பில் போனாலும் அடுத்தவர் பார்க்க வேண்டுமே. "வணக்கம் மேடம். பணத்தின் நிலை காட்டும் ஏபிஐ வியாழக்கிழமை சோதனைக் கணினிக்கு வரும்னு பேசியிருந்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வெளியீடு, அதனால வெள்ளிக்கிழமை சோதிச்சுப் பார்க்கணும். வியாழன் முடியுமா? முடியாதுன்னா எந்த நாள்னு சொன்னா வெளியீட்டை நாங்க மாத்திக்கிறோம். எங்க பக்கம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா இங்கேயே கேளுங்க, அன்னிக்கே பதில் போடறோம்."

இதை அனுப்பியது செவ்வாய்க்கிழமை, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பு. நாள் தாண்டிய பிறகு கேட்டால் அது கணக்குக் கேட்பது. முன்பே கேட்டால் திட்டமிடுவது. "முடியாது" என்று சொல்லவும் அதில் இடம் விட்டிருந்தோம். அப்படி இடம் விடாத கேள்விக்குப் பெரும்பாலும் "பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். அதை வைத்து யாரும் எதையும் திட்டமிட முடியாது.

பதில் மறுநாள் வந்தது, "முடியாது" என்றே. வங்கி ஒன்றின் கோளாறைச் சரிசெய்ய அவருடைய ஆட்கள் இருவரும் போய்விட்டார்கள். இனி அவரையே இடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டு வேலையில் எது முன்னே என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மேலே கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் அவருக்குத் தெரியாமல் கொண்டுபோனால் அது கோள். தொலைபேசியில் சொன்னேன்: "மேடம், நம்ம ரெண்டு பேரோட மேலாளரையும் சேர்த்து ஒரு மெயில் போடப்போறேன். உங்க மேல குறையே இல்ல. வங்கிக் கோளாறா, இந்த ஏபிஐயா, எது முதல்லனு அவங்க சொல்லட்டும். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாக்கறீங்களா?" அவர் படித்து ஒரு வரியைத் திருத்தியும் கொடுத்தார். மேலாளர்கள் வங்கிக் கோளாறே முதலில் என்றார்கள். எங்கள் வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. எனக்கு வருத்தம்தான், ஆனால் முடிவு நியாயமானது. தேதியும் கையில் கிடைத்துவிட்டது.

ஏபிஐ வந்த நாளில் கொடியை உடனே எடுக்கவில்லை. நல்லவேளை. உண்மையான பதிலைத் திரையில் போட்டதும், 640 ரூபாய் டிக்கெட்டுக்கு 64,000 ரூபாய் திரும்ப வருவதாகக் காட்டியது. பணம் கையாளும் கணினிகள் பல, புள்ளிக்குப் பின்வரும் எண்களின் தொல்லையைத் தவிர்க்கத் தொகையைப் பைசாவில்தான் வைத்துக்கொள்கின்றன. அது பேமென்ட் குழுவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நாங்கள் எழுதிய மாதிரியில் எது ரூபாய், எது பைசா என்று இருவருமே சொல்லவில்லை. பொய்ப்பதிலை நம்பி வேலை செய்வதன் விலை இது. மாதிரி எழுதும்போது அலகு, தேதியின் வடிவம், எதுவும் இல்லாதபோது என்ன வரும் என்ற மூன்றையாவது பேசிக்கொள்ள வேண்டும். அரை நாளில் சரிசெய்தோம். பிறகுதான் மஞ்சள் போனது. கொடியை எடுக்கும் இடத்தில் டெவலப்பர் எழுதினார்: "16 வேலை நாள் நின்றது. முதல் 7, கேட்காத கேள்வி."

அடுத்த மாதம் பேமென்ட் குழுவிலிருந்து எங்கள் பலகையில் ஒரு அட்டை வந்தது. பயணியின் வங்கிக் கணக்கு எண் சரிதானா என்று பார்க்கும் திரையின் வரைபடம் அவர்களுக்கு வேண்டும், வியாழக்கிழமைக்குள். என்ன அளவில், எந்த மொழிகளில் என்றுகூட எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அந்த லீடின் குறிப்பு அதன் கீழே வந்தது: "வியாழன் முடியுமா சார்? முடியாதுன்னா நாள் சொல்லுங்க." நான் அந்த அட்டையை அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை.