மாத அட்டவணையை நீங்களே சரிபார்க்கலாம்

தருமபுரி மாவட்டத்து மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் ஊக்குநர் உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதம்



போன கூட்டத்தில் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து ஒருவர் கேட்டார்: "நானும் பத்தாயிரம் வாங்கினேன், அவளும் பத்தாயிரம் வாங்கினாள். எனக்கு வட்டி 160, அவளுக்கு 60. ஏன் இப்படி?" நல்ல கேள்வி. பால் கறக்கிற நேரம் ஆகிவிட்டதால் பலரும் எழுந்துவிட்டார்கள். பாதியில் விட்டால் சந்தேகம் தங்கிவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த வட்டியைப் பார்த்துவிடுவோம். நம் குழுவில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. வாங்கிய தொகைக்கு அல்ல, அன்றைக்கு மீதி நிற்கிற அசலுக்குத்தான் வட்டி. பத்தாயிரம் வாங்கி, மாதம் ஆயிரம் அசல் கட்டுகிறவர் முதல் மாதம் 200 ரூபாய் வட்டி கொடுப்பார். அடுத்த மாதம் ஒன்பதாயிரம்தான் பாக்கி, வட்டி 180. அதற்கடுத்த மாதம் 160. இப்படி இருபது இருபதாகக் குறைந்து, பத்தாவது மாதம் 20 ரூபாயில் கடன் முடியும். மொத்தம் கூட்டினால் 1,100 ரூபாய். கேள்வி கேட்டவருக்கு எட்டாயிரம் பாக்கி, அதனால் 160. மற்றவருக்கு மூவாயிரம்தான் பாக்கி, அதனால் 60. இருவர் வரிசையிலும் கணக்கு சரியாகவே இருக்கிறது.

இதையே சில இடங்களில் கடைசி வரை மாதம் 200 என்று வாங்குகிறார்கள். அப்படிக் கட்டினால் வட்டி மட்டும் 2,000 ரூபாய் ஆகும். இரண்டு இடத்திலும் "ரெண்டு வட்டி" என்றுதான் சொல்வார்கள். வெளியில் எங்கே கடன் வாங்கினாலும் "வாங்கினதுக்கு வட்டியா, பாக்கிக்கு வட்டியா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு இந்தக் கடனில் 900 ரூபாய் மதிப்பு.

இனி அட்டவணைக்கு வருவோம். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசை. இடப்பக்கம் சேமிப்பு: போன மாதம் வரை சேர்ந்தது, இந்த மாதம் கட்டிய சந்தா, இரண்டும் சேர்ந்த மொத்தம். வலப்பக்கம் கடன்: போன மாதப் பாக்கி, இந்த மாதம் கட்டிய அசல், வட்டி, புதுக்கடன் வாங்கியிருந்தால் அது, இப்போதைய பாக்கி. கடைசிக் கட்டத்தில் "தவணை தவறியது" என்று இருக்கும். உங்கள் தனிநபர் பாஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, மொத்தச் சேமிப்பும் கடன் பாக்கியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் மாறியிருந்தாலும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடன் பாக்கியையும் தவணை தவறியதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இந்த மாதம் ஒருவர் கூட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு ஏழாயிரம் பாக்கி. அந்த ஏழாயிரமும் தவறிய பணம் என்று யாரும் பேச வேண்டாம். தவறியது ஒரு தவணை ஆயிரமும் அதன் வட்டி 140ம்தான். சந்தா 200ம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் இரண்டு தவணை அசல் 2,000, இரண்டு மாத வட்டி 280, இரண்டு சந்தா 400, ஆக 2,680 கட்டினால் வரிசை நேராகிவிடும். இந்த மாதத் தவணையைக் கட்டியிருந்தால் அடுத்த மாத வட்டி 120ஆகக் குறைந்திருக்கும். பாக்கி குறையாததால் மறுபடியும் 140 வருகிறது. வட்டிக்கு வட்டி நாம் போடுவதில்லை. தாமதத்தால் அவருக்கு நஷ்டம் இருபது ரூபாய்தான். ஆனால் குழுவின் கையில் 1,340 ரூபாய் குறைந்தது. கடனுக்குக் காத்திருக்கிறவருக்கு அது பெரிய தொகை.

இப்போது அட்டவணையின் அடிவரி. நான் உங்களிடம் மிகவும் வேண்டிக் கேட்பது, இதைப் படிக்கப் பழகுங்கள் என்றுதான். நாம் பதினைந்து பேர், மாதம் 200 வீதம் 23 மாதம் கட்டியது 69,000. இந்த மாதம் பதினான்கு பேர் கட்டியது 2,800. ஆகச் சேமிப்பு 71,800. வட்டியில் செலவு போக இதுவரை சேர்ந்திருந்தது 17,500. இந்த மாத வட்டி வரவு 1,420. நோட்டுக்கும் வங்கிக்குப் போன பஸ்ஸுக்கும் 70 ரூபாய் செலவு. மிஞ்சியது 18,850. இரண்டும் சேர்ந்து 90,650. இவ்வளவும் நம் பணம்.

அது எங்கே இருக்கிறது? போன மாதம் நம்மிடையே சுற்றிய கடன் 78,000. அதில் 9,000 அசல் திரும்பியது, 12,000 புதுக்கடன் கொடுத்தோம். இப்போது 81,000 உறுப்பினர்களிடம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் 9,100, கையிருப்பு 550. கூட்டிப் பாருங்கள், அதே 90,650. நம் பணம் ஒரு பக்கம், அது இருக்கும் இடம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. அது கூட்டல் பிழையாகவும் இருக்கலாம், பணமே குறைந்தும் இருக்கலாம். கண்டுபிடிக்கும்வரை அன்று புதுக்கடன் கொடுக்கக் கூடாது. வங்கி பாஸ் புத்தகத்தையும் கையிருப்பு நோட்டுகளையும் நேரில் பார்க்கும் உரிமை உங்கள் எல்லோருக்கும் உண்டு.

வட்டி வரவையும் இப்படியே சரிபார்க்கலாம். போன மாதப் பாக்கி 78,000க்கு இரண்டு வட்டி என்றால் 1,560 வந்திருக்க வேண்டும். வந்தது 1,420. குறைகிற 140, வராதவரின் வட்டி. காரணம் சொல்ல முடியாத குறை எதுவும் இல்லை.

ஆனால் அட்டவணை சரியாகக் கூடி வந்தும் குழு கெட்டுப்போவதுண்டு. தவணை கட்ட முடியாத ஒருவர் ஏழாயிரத்தையும் அடைத்ததாக எழுதி, அன்றே அவர் பெயரில் ஏழாயிரம் புதுக்கடன் எழுதிவிடுவார்கள். பணம் கைமாறவே இல்லை. அடிவரியில் எல்லாம் ஒத்துப்போகும், "தவணை தவறியது" கட்டமும் காலியாக இருக்கும். அடைத்த தேதியும் புதுக்கடன் தேதியும் ஒன்றாக, தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எழுந்து கேளுங்கள். வராதவரின் வரிசையை அப்படி அழகாக்கிவிடலாம் என்று என்னிடமும் யோசனை சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. அவருக்கு உண்மையில் எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தானே உதவ முடியும்? வங்கிக்காரர்கள் தர மதிப்பீட்டுக்கு வரும்போதும் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தையும்தான் பார்க்கிறார்கள். 1989இல் நம் மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டில் இந்த மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. பிறகு 1992இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைத்தபோது, நிலப் பத்திரம் இல்லாத பெண்களுக்கு ஈடாக நின்றவை இந்த நோட்டுகள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ் புத்தகத்தோடு வாருங்கள். வராதவர் 2,680ஐ ஒரே தடவையில் கட்டுவதா, தவறிய தவணையை மட்டும் கடைசியில் ஒரு மாதம் நீட்டிக் கொடுப்பதா என்று அவரையும் வைத்துப் பேசுவோம். நீட்டினால் அந்த மாதம் வரையிலான வட்டி எவ்வளவு என்பதையும் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுவோம். இந்த முறை அடிவரியை நான் கூட்டப் போவதில்லை. உங்களில் இருவர் கூட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊக்குநர்