மோக்கா பாட்டில் காபி ஏன் கருகுகிறது?

தலைப்பைப் பார்த்ததும் "மெக்கானிக்கல் பையனுக்கு சமையல் கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். நாம் இரண்டாம் வருடத்தில் பாய்லர் படித்தோம் அல்லவா? தண்ணீர், நெருப்பு, அழுத்தம், சேஃப்டி வால்வு என்று அதில் வந்த அத்தனையும் ஒரு கையளவு பாத்திரத்துக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாலை நேரத்தில் நான் ஒரு காபித்தூள் கடையில் அரவை மெஷினில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்து, "உங்க தூள்ல தீஞ்ச வாசனை வருது. நாக்குல வச்சா கசப்பு" என்று கால் கிலோ பொட்டலத்தைத் திருப்பி வைத்தார். முதலாளி அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "அரைச்சது நீதானலே?" என்றார். அரைத்தது நான்தான். கொட்டை வறுவலில் தவறென்றால் அந்த வார மூட்டை முழுவதும் நஷ்டம். அரவையில் தவறென்றால் என் வேலைக்கு ஆபத்து.

அண்ணாச்சி அதே தூளைக் கடையில் இருந்த பித்தளை ஃபில்டரில் போட்டு டிகாக்ஷன் இறக்கினார். கசப்பே இல்லை, நன்றாக இருந்தது. அப்படியானால் வறுவலில் குறை இல்லை. "சார், நீங்க எதுல போடுறீங்க?" என்று கேட்டோம். "பையன் இத்தாலியிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டு வந்தான், அதுலதான்" என்றார். மறுநாள் அதைக் கடைக்கே எடுத்து வந்தார். அதுதான் மோக்கா பாட்.

1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெத்தி என்பவரின் அலுமினியப் பட்டறையிலிருந்து வந்த பாத்திரம் இது. ஏமன் நாட்டின் பழைய காபித் துறைமுகமான மோக்காவின் பெயரை வைத்தார்கள். மூன்று பாகங்கள் உண்டு. கீழே தண்ணீர் ஊற்றும் பாத்திரம், அதன் பக்கவாட்டில் ஒரு சிறு சேஃப்டி வால்வு. நடுவில் தூள் போடும் கிண்ணம், அதன் அடியில் நீண்ட புனல் குழாய். மேலே காபி வந்து சேரும் பாத்திரம். மேலும் கீழும் மரை போட்டு இறுகும். இடையில் ஒரு ரப்பர் வாஷர்.

வேலை செய்யும் விதம் இதுதான். கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது. அடுப்பு எரிந்ததும் அந்தக் காற்று விரிகிறது, அதோடு நீராவியும் சேர்கிறது. இரண்டும் தண்ணீரின் தலையில் உட்கார்ந்து அழுத்துகின்றன. தண்ணீருக்கு வெளியேற ஒரே வழி புனல் குழாய்தான். அதன் வழியாக ஏறி, தூளுக்குள் புகுந்து, காபியாக மேல்பாத்திரத்தில் வடிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, தண்ணீர் ஏறுவதற்குக் கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் சொட்டு விழும்போது கீழே 100 டிகிரி வந்திருக்காது. ஆனால் நேரம் ஆக ஆக, ஏறும் தண்ணீரின் சூடு கூடிக்கொண்டே போகும். கடைசியில் நீர்மட்டம் குழாயின் நுனிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தண்ணீரோடு சேர்ந்து நீராவியே தூளுக்குள் சீறிப் பாயும். அந்தச் சத்தம்தான் "களக் களக்" என்று கேட்கிறது.

சார் என்ன செய்கிறார் என்று பார்க்க, அவர் வழக்கப்படியே போடச் சொன்னோம். பாத்திரம் மூன்று கப் அளவு. கப் என்றால் நம் டம்ளர் இல்லை, இத்தாலிக்காரர்களின் சிறிய கப். 130 மில்லி தண்ணீர் ஊற்றி, தூளை ஸ்பூனால் நன்றாக அமுக்கி நிரப்பி, பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு மரையோரம் ஆவி கசிந்தது. திடீரென்று காபி பீய்ச்சியடித்து மேல்மூடி வரை தெறித்தது. சத்தம் முழுக்க அடங்கும் வரை சார் காத்திருந்தார். "பால் குக்கர் மாதிரி, சத்தம் நிக்கணும்னு நெனச்சேன்" என்றார். குடித்துப் பார்த்தோம். உண்மையிலேயே தீய்ந்த கசப்பு.

நம் லேபில் சொல்வார்கள் அல்லவா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று? அப்படியே செய்தோம்.

முதலில் தீயை மட்டும் மாற்றினோம். சின்ன பர்னரில், பாத்திரத்தின் அடியை விட்டு ஜ்வாலை வெளியே தெரியாதபடி குறைத்து வைத்தோம். தீ அடியைத் தாண்டினால் சுவர் சூடாகும், பிளாஸ்டிக் கைப்பிடியும் உருகும். தீ அதிகம் என்றால் அழுத்தம் சட்டென்று ஏறும், தண்ணீர் ஒரு சீராகப் போகாமல் தூளில் எங்கே இளக்கமோ அங்கே ஓட்டை போட்டுக்கொண்டு ஓடும். அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள தூள் மட்டும் சக்கையாகும், மீதி சரியாக நனையாது. தீயைக் குறைத்ததும் தெறிப்பது நின்றது. ஆனால் காபி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கசப்பு கொஞ்சம் குறைந்ததே தவிர போகவில்லை.

அடுத்தது அரவை. இங்கேதான் என் குற்றம் வெளியே வந்தது. சார் தூள் வாங்கும்போது "நைசா அரைச்சுக் கொடுப்பா" என்றார். நானும் எந்தப் பாத்திரம் என்று கேட்காமல் மெஷினை நன்றாக இறுக்கி மாவு போல அரைத்துவிட்டேன். மாவு போன்ற தூள், அதிலும் அமுக்கி வைத்தது, தண்ணீருக்குச் சுவர் மாதிரி. அதை உடைத்து மேலே வர அதிக அழுத்தம் வேண்டும். அதிக அழுத்தத்துக்கு அதிகச் சூடு வேண்டும். ஆக, தீயை எவ்வளவு குறைத்தாலும், தூள் மாவாக இருந்தால் தண்ணீர் அதிகச் சூட்டில்தான் மேலே ஏறும். தீயும் அரவையும் தனித்தனி விஷயம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மெஷினை இளக்கி மறுபடி அரைத்தேன். அளவு சொல்ல வேண்டுமென்றால், தூள் உப்பு இருக்கிறதே, அந்தப் பதம். விரல் நுனியில் தேய்த்துப் பாருங்கள். ரேகைக்குள் போய் ஒட்டிக்கொண்டால் மிகவும் நைஸ். ரவை போல உருண்டால் மிகவும் கொரகொரப்பு, தண்ணீர் தங்காமல் ஓடிப் போய் காபி நீர்த்து, புளிப்பு தட்டும். இரண்டுக்கும் நடுவே, மணல் மணலாக உணர வேண்டும். கிண்ணத்தில் 15 கிராம் நிறைந்தது. விரலால் மட்டமாகத் தடவிவிட்டோம், அமுக்கவில்லை. விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டோம், இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்காராமல் ஆவி கசியும். சிக்கரி கலந்த தூள் நனைந்ததும் பிசுபிசுத்து வழியை அடைக்கும் என்பதால் தனிக் காபித்தூளையே எடுத்தோம்.

தண்ணீர் சேஃப்டி வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், அதை மூடக் கூடாது. பாய்லர் படித்த நமக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எப்போதாவது அந்த வால்விலிருந்து ஆவி சீறினால் உடனே அடுப்பை அணைத்து, ஆறிய பிறகே திறக்க வேண்டும். தூள் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, எப்போது நிறுத்துவது. இதற்கு அண்ணாச்சி ஒரு நல்ல யோசனை சொன்னார். "லேய், முன்னால வர்றதையும் பின்னால வர்றதையும் தனித்தனியா குடிச்சுப் பாரு." மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 4 நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு கெட்டியான கரும்பழுப்பில் காபி அமைதியாக வழிய ஆரம்பித்தது. பிறகு நிறம் மெல்ல வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் வந்தவரை, சுமார் 80 மில்லியை, ஒரு டம்ளரில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்தோம். மீதி "களக் களக்" என்று வெள்ளை நுரையோடு வந்தது. அது 15 மில்லி இருக்கும்.

முதல் டம்ளரை சார் ஒரு மடக்கு குடித்தார். "அட, இதுல இனிப்புகூட தெரியுதே!" என்றார். இரண்டாவதைக் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். அவர் திருப்பிக் கொண்டு வந்த அதே தீய்ந்த கசப்பு, அந்த 15 மில்லிக்குள் இருந்தது!

நண்பர்களே, நாம் "கருகிவிட்டது" என்று சொல்வது பெரும்பாலும் தூள் கருகியதால் வருவதில்லை. நல்ல சாரமெல்லாம் முன்பே இறங்கிவிட்ட சக்கைக்குள், 100 டிகிரியைத் தாண்டிய ஆவியும் நீரும் புகுந்து, மிச்சமிருக்கும் கசப்பைச் சுரண்டிக்கொண்டு வருவதுதான் அது. அதனால் தேன் நிறம் தெரிந்ததும், சத்தம் தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். இறக்கினால் மட்டும் போதாது. உலோகத்தில் சூடு மிச்சம் இருப்பதால் காபி வந்துகொண்டே இருக்கும். ஈரத் துணியின் மேல் அடிப்பாகத்தை வைத்தால், உள்ளே ஆவி குளிர்ந்து நீராகி, அழுத்தம் விழுந்து, ஓட்டம் உடனே நிற்கும். கண்டென்சர் தத்துவமேதான். பிறகு காபியை உடனே டம்ளருக்கு மாற்றிவிட வேண்டும், சூடான பாத்திரத்திலேயே விட்டால் அங்கேயும் கெடும்.

"கீழே தண்ணி மிச்சமாயிடுதே, வீண்தானே?" என்று சார் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஊற்றியது 130 மில்லி. 15 கிராம் தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 30 மில்லி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மேலே வந்தது 80. மீதி 20 மில்லி கீழேயே கிடக்கட்டும். அது வீண் இல்லை, மேலே வந்த 80 மில்லியைக் காப்பாற்றும் தண்ணீர். அந்த 80 மில்லியில் பால் சேர்த்தால் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காபி கிடைக்கும். ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்று பாதித் தூளும் பாதித் தண்ணீரும் போட்டால் சரியாக வராது. கிண்ணம் நிறைந்திருந்தால்தான் தண்ணீர் சீராகப் போகும்.

சார் பழைய பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "இது ஃபில்டருக்கு ஆகட்டும்" என்று, புதிய அரவையில் இன்னொரு கால் கிலோவும் வாங்கிப் போனார். அண்ணாச்சி அன்று என்னைத் திட்டவில்லை. மெஷினுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் ஒரு வரி எழுதச் சொன்னார். இன்றைக்கும் யார் தூள் கேட்டு வந்தாலும் எடை போடுவதற்கு முன் அதைத்தான் கேட்கிறேன்: "எதுல போடப் போறீங்க?"

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்