வளைகுடா வேலைக்கு முன் கல்விச் சான்றிதழ் சான்றொப்பம்: பெங்களூருவில் வசித்தாலும் சென்னையில் தொடங்க வேண்டியது ஏன்?

பெங்களூரு: வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்வோர் தங்கள் பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்பம், அதாவது அட்டெஸ்டேஷன், பெற வேண்டும் என்பது பொதுவாக அறியப்பட்டதே. எனினும் அந்தப் பணியை எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் தொடங்க வேண்டும் என்பதில் விண்ணப்பதாரர்களுக்குக் குழப்பம் நிலவுகிறது. சொந்த மாநிலத்தில் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் பணிபுரிவோருக்கு இது கூடுதல் சிக்கலாக அமைகிறது.

பெங்களூருவின் தென்பகுதியில், ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மனஹள்ளி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து தங்கியுள்ளோர் இப்பகுதியில் கணிசமாக வசிக்கின்றனர். வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோரமங்களாவில் உள்ளது. ஆயினும் தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற ஒருவரின் சான்றிதழ் கோரமங்களாவில் இருந்து பயணத்தைத் தொடங்க முடியாது. அது முதலில் தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்ப வேண்டும்.

கையொப்பங்களின் சங்கிலி

இதற்கான காரணம் சான்றொப்ப நடைமுறையின் அடிப்படையிலேயே உள்ளது. வெளியுறவு அமைச்சகம் ஒருவரின் பட்டம் உண்மையானதா என்று ஆராய்வதில்லை. சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு அது பொறுப்பேற்பதும் இல்லை. சான்றிதழின் பின்புறம் கையொப்பமிட்டுள்ள மாநில அரசு அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் தன்னிடம் உள்ள மாதிரியுடன் பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது.

அதேபோல், மாநில அரசின் துறை பல்கலைக்கழகத்தின் உறுதிமொழியை நம்பிக் கையொப்பமிடுகிறது. வெளிநாட்டுத் தூதரகம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையை நம்பிக் கையொப்பமிடுகிறது. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முந்தைய அலுவலகத்தின் கையொப்பத்துக்கே சாட்சி சொல்கிறது. ஆகவே இந்த வரிசையில் ஒரு கண்ணியைத் தாண்டவோ, முன்பின்னாக மாற்றவோ இயலாது.

பல்கலைக்கழகத்தின் கையொப்பத்தை அறிந்திருப்பது அது அமைந்துள்ள மாநிலத்தின் அரசு. இதனால்தான் விண்ணப்பதாரர் வசிக்கும் இடம் கணக்கில் கொள்ளப்படாமல், சான்றிதழ் வழங்கப்பட்ட மாநிலம் கணக்கில் கொள்ளப்படுகிறது.

ஒரே அறை, இரு வழிகள்

பொம்மனஹள்ளியில் ஒரே வீட்டில் தங்கியுள்ள இரு பொறியாளர்களுக்குத் துபாயில் வேலை கிடைத்துள்ளது என்று கொள்வோம். ஒருவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். மற்றவர் பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில் பணியில் சேர வேண்டியவர்கள்.

முதலாமவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் தங்களால் வழங்கப்பட்டதே என்று பல்கலைக்கழகம் பதிவேடுகளைப் பார்த்து உறுதிசெய்வதே இச்சான்று. அதன்பின் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள உயர்கல்வித் துறையின் சான்றொப்பம் தேவை. பள்ளிச் சான்றிதழும் கேட்கப்பட்டால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை வழங்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் அதன் சரிபார்ப்பு தொடங்குகிறது.

இரண்டாமவரின் சான்றிதழ் அவரது பல்கலைக்கழகத்திலும், அதன்பின் கர்நாடக அரசின் துறையிலும் இதே வரிசையில் செல்கிறது.

மாநில அரசின் கையொப்பம் கிடைத்த பிறகே இருவரின் வழியும் ஒன்றாகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பப் பணி 2019-ஆம் ஆண்டு முதல் டெல்லிக்கு வெளியேயும் பரவலாக்கப்பட்டு, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் நடைபெறுகிறது. எனினும் தனிநபர்களிடம் இருந்து ஆவணங்களை அமைச்சகம் நேரடியாகப் பெறுவதில்லை. அமைச்சகம் அங்கீகரித்த சேவை முகமைகளின் பெயர்களும் கட்டணங்களும் அமைச்சகத்தின் இணையதளத்தில் வெளியிடப்பட்டுள்ளன; அவற்றிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்த இறுதிக்கட்டம் பொதுவாகச் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. காலம் பிடிப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகச் சரிபார்ப்பே. எனவே வேலைக்கான நேர்காணல் நடைபெறும் கட்டத்திலேயே உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பிப்பது பாதுகாப்பானது. வெளியுறவு அமைச்சகம் 2017-ஆம் ஆண்டு தொடங்கிய இ-சனத் இணையதளத்தில் (esanad.nic.in) இணைந்துள்ள கல்வி நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். தமது பல்கலைக்கழகம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பார்த்துவிட்டால், சென்னைப் பயணம் தேவையா என்பது தெரிந்துவிடும்.

செல்லும் நாட்டைப் பொறுத்து மாறும் முத்திரை

வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்க வேண்டிய முத்திரை எல்லா வளைகுடா நாடுகளுக்கும் ஒன்றல்ல. 1961-ஆம் ஆண்டு ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகள், அப்போஸ்டில் எனப்படும் ஒரே வகை முத்திரையை ஏற்றுக்கொள்கின்றன. இந்தியாவில் இந்த உடன்படிக்கை 2005-ஆம் ஆண்டு ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. அப்போஸ்டில் பெற்ற ஆவணத்துக்குத் தூதரகத்தின் கையொப்பம் தேவையில்லை என்பதே இதன் பயன்.

வளைகுடா நாடுகளில் ஓமன் 2012-ஆம் ஆண்டிலும், பஹ்ரைன் 2013-ஆம் ஆண்டு இறுதியிலும், சவுதி அரேபியா 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 7 முதலும் இந்த முறைக்குள் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை தூதரகச் சான்றொப்ப முறையையே பின்பற்றி வருகின்றன. இந்நாடுகளுக்குச் செல்வோர் வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண சான்றொப்பத்தைப் பெற்று, பின்னர் அந்த நாட்டின் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். சாதாரண சான்றொப்பத்துக்கு அமைச்சகம் கட்டணம் வசூலிப்பதில்லை. அப்போஸ்டிலுக்கு ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய் கட்டணம். முகமையின் சேவைக் கட்டணம் தனி.

மேற்கண்ட இரு பொறியாளர்களும் துபாய் செல்வதால் அமீரகத் தூதரகத்தின் கையொப்பம் கட்டாயம். அதோடும் பணி முடிவதில்லை. அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகமும் இறுதியாகச் சான்றொப்பம் அளிக்க வேண்டும். அதற்கான கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 150 திர்ஹம். இதை நிறுவனம் ஏற்குமா, ஊழியர் ஏற்க வேண்டுமா என்பதைப் பணி நியமனக் கடிதத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

சவுதி செல்வோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 14 முதல், இந்தியர்களுக்கான பணி விசாவுக்குக் கல்வி மற்றும் தொழில் தகுதிகளை முன்கூட்டியே சரிபார்ப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது அப்போஸ்டிலுக்கு மாற்று அல்ல. அதற்கு மேல் வரும் தனி நடைமுறை. அதேபோல் துபாய் செல்லும் செவிலியர்களுக்குப் பணி உரிமத்துக்காக டேட்டாஃப்ளோ எனப்படும் மூலச் சரிபார்ப்பு கேட்கப்படுகிறது. சான்றொப்ப முத்திரை பெற்றிருப்பதால் அச்சரிபார்ப்பு தவிர்க்கப்படுவதில்லை.

தமிழர் பெயர்களும் தலைப்பெழுத்தும்

தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் அடிக்கடி எழும் சிக்கல் தலைப்பெழுத்து, அதாவது இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரித்து எழுதப்பட்டு 'முருகன் செல்வம்' என்று இருக்கும். உள்ளூரில் எவரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக எழுதும் வழக்கத்தை அறியாத வெளிநாட்டு அலுவலருக்கு இரு வேறு நபர்களின் பெயராகத் தோன்றக்கூடும்.

இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. எல்லா இடங்களிலும் அது ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. எனவே மாநில முத்திரைக்குச் செல்லும் முன்பே, இரு ஆவணங்களின் நகலையும் வேலை தரும் நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்துப்பூர்வமாகப் பதில் பெற வேண்டும். முத்திரைகள் விழுந்த பிறகு சான்றிதழில் பெயர் திருத்தினால், புதிய சான்றிதழுடன் சங்கிலியை முதலில் இருந்து தொடங்க நேரிடும்.

பட்டமளிப்புச் சான்றிதழுக்குப் பதிலாகத் தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பது மற்றொரு தடை. கல்லூரி முடித்தபின் பட்டச் சான்றிதழை வாங்காமல் விட்டவர்கள் முதலில் அதைப் பெற வேண்டும். லேமினேஷன் செய்யப்பட்ட சான்றிதழின் பின்புறம் முத்திரையிட முடியாது. வீட்டிலேயே அதைப் பிரிக்க முயன்று தாள் கிழிந்தால், நகல் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிவரும்.

போலி முத்திரையை அறிவது எப்படி?

அவசரத்தில் இருப்பவர்களிடம், பல்கலைக்கழகச் சரிபார்ப்பு இல்லாமலே ஓரிரு நாட்களில் அனைத்து முத்திரைகளையும் பெற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகர்கள் உள்ளனர். சான்றிதழ் திரும்பி வந்ததும் அதன் பின்புறத்தில் உள்ள தேதிகளைப் பார்ப்பதே முதல் சோதனை. மாநில அரசின் தேதிக்குப் பின்னரே வெளியுறவு அமைச்சகத்தின் தேதியும், அதற்குப் பின்னரே தூதரகத்தின் தேதியும் இருக்க முடியும். இந்த வரிசை மாறியிருந்தாலோ, மாநில முத்திரை பட்டம் பெற்ற மாநிலத்தினுடையதாக இல்லாவிட்டாலோ விளக்கம் கேட்க வேண்டும்.

அப்போஸ்டில் என்றால், உடன்படிக்கையின் பெயர் பிரெஞ்சு மொழியில் தலைப்பாக அச்சிடப்பட்டு, கீழே 1 முதல் 10 வரை எண்ணிடப்பட்ட விவரங்கள் இருக்கும். இந்திய ஒட்டுச்சீட்டில் உள்ள தனி எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

போலி முத்திரை இந்தியாவிலேயே பிடிபட்டால் பணமும் வேலையும் இழப்பாகும். வெளிநாட்டில் பிடிபட்டால், ஆவணத்தைச் சமர்ப்பித்தவர் என்ற முறையில் ஊழியரே அந்நாட்டுச் சட்டத்தின்படி வழக்கைச் சந்திக்க நேரிடும். முத்திரை வாங்கித் தந்த தரகர் அப்போது அங்கு இருக்கமாட்டார்.

மூலச் சான்றிதழை எவரிடம் ஒப்படைத்தாலும், அதற்கு முன் இருபுறமும் வண்ண நகல் எடுத்து வைத்து, தேதியிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பொம்மனஹள்ளியில் இருந்து சென்னைக்குக் கூரியரில் அனுப்புவோர், அதன் கண்காணிப்பு எண்ணையும் அந்த ரசீதுடன் சேர்த்து, சான்றிதழ் கைக்குத் திரும்பும் வரை பாதுகாக்க வேண்டும்.