மஞ்சள் தானியம் எல்லாம் தினையா?

கைப்பிடி மஞ்சள் தானியத்தைப் படம் பிடித்து அனுப்பி, "இது தினைதானே?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அந்தச் சமயத்தில் பல வீட்டு அடுக்களைகளுக்குத் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு என்று பல பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டிய பிறகு பெயர் தொலைந்துபோகிறது. தானியத்தைப் படம் பார்த்தே சொல்லிவிட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். ஆனால் நாம் முதலில் பார்ப்பது நிறத்தை. நிறம்தான் அதிகம் ஏமாற்றுவது.

படத்தைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது உமியோடு இருக்கிறதா, உமி நீக்கிய அரிசியா என்பது. கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றையும் கதிரடித்தாலே மணி தனியாக வந்துவிடும். அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டி உமி கிடையாது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு நெல்லைப் போல உமி உண்டு. அதை நீக்கினால்தான் சமைக்க முடியும். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் உமி நீக்கிய அரிசி. ஆகவே ஒரே தினைக்கு இரண்டு முகங்கள் உண்டு: உமியோடு இருக்கும்போது பளபளப்பான தங்க நிறம், சில ரகங்களில் சிவப்பு அல்லது கறுப்பு, உமி போனபின் வெளிர் மஞ்சள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு நிறத்தைப் பேசுவதில் பயனில்லை.

கம்பு பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. மணி மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனை கூம்பியும் மறுமுனை பருத்தும் இருக்கும். கூம்பிய முனைப் பக்கம் முளைக்கரு வெளிறித் தெரியும். சாம்பல், பச்சை கலந்த சாம்பல், சில ரகங்களில் மஞ்சள் அல்லது வெள்ளை என்று நிறம் எதுவாக இருந்தாலும் இந்த வடிவம் மாறாது. கம்புப் படத்தில் தேட வேண்டியது வேறொன்று. மணிகளுக்கு நடுவே கருத்துத் தடித்து, ஒழுங்கற்ற வடிவில் நீண்ட துண்டுகள் தெரிந்தால் அது எர்காட் என்ற பூஞ்சை நோயின் உடலாக இருக்கலாம். அது நச்சு. அப்படிப்பட்ட மூட்டையை அப்படியே அரைத்துவிடக் கூடாது.

கேழ்வரகு உருண்டையானது, ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவு. செங்கல் நிறத்துக்குப் பழகிய கண் வெள்ளைக் கேழ்வரகைப் பார்த்தால் திகைக்கும், ஆனால் அப்படியும் ரகங்கள் உண்டு. படத்தில் இதோடு குழம்புவது கடுகு. இரண்டும் சிறு உருண்டைகள், இரண்டும் பழுப்பாக இருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கேழ்வரகின் மேற்பரப்பு சொரசொரவென்று நுண்மேடுகளோடு இருக்கும். கழுவாத தானியமாக இருந்தால் மணிகளுக்கிடையே காகிதம் போன்ற மெல்லிய தோல் துணுக்குகளும் கிடக்கும். அந்தத் தோல் மணியோடு ஒட்டாமல் தளர்வாகப் போர்த்தியிருப்பது, தேய்த்தாலே கழன்றுவிடும். கடுகில் அப்படி எதுவும் இல்லை.

சிக்கல் தொடங்குவது உமி நீக்கிய அரிசிகளில். மஞ்சளில் ஒரு ஜோடி: தினையரிசியும் பனிவரகு அரிசியும். வெள்ளையில் ஒரு ஜோடி: சாமையரிசியும் குதிரைவாலி அரிசியும். வரகரிசி தனி. அதன் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருப்பதால், பக்கவாட்டில் படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

இந்த ஜோடிகளைப் பிரிக்க நம்பகமான அடையாளம், முளைக்கருவின் தடம். ஒவ்வொரு மணியின் ஒரு பக்கத்திலும், அடி முனையில் தொடங்கி மேல் நோக்கி ஒரு சிறு பள்ளம் ஏறும். முளைக்கரு உட்கார்ந்திருக்கும் இடம் அது. அரிசியைத் தீட்டும்போது முளை உதிர்ந்துவிட்டாலும் அது இருந்த பள்ளம் மிஞ்சும். தினையில் இந்தப் பள்ளம் குறுகலாக, மணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கோ அதற்கு மேலோ ஏறிவிடும். பனிவரகில் அகலமாக, ஏறத்தாழ பாதியோடு நின்றுவிடும். சாமையும் பனிவரகும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதனால் சாமையிலும் பள்ளம் குட்டையானது. குதிரைவாலியிலோ மணியின் பெரும்பகுதியை அது அளந்துவிடும். ஆக, மஞ்சளானாலும் வெள்ளையானாலும் பள்ளம் பாதியில் நிற்கிறதா, அதைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

அகழாய்வுகளில் கிடைக்கும் கரிந்த தானியங்களைத் தொல்தாவரவியல் அறிஞர்கள் இனம் காண்பதும் இப்படித்தான். நெருப்பில் கருகிய மணியில் நிறம் என்று எதுவும் மிஞ்சாது, உமியும் பெரும்பாலும் இருக்காது. இருந்தும் வடசீனத்துப் பழைய குடியிருப்புகளில் தினை எது, பனிவரகு எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது, இந்தப் பள்ளத்தின் நீளத்தையும் மணியின் வடிவத்தையும் பார்த்துத்தான். பல ஆயிரம் ஆண்டுப் பழமையான கரித்துண்டிடம் கேட்கக்கூடிய கேள்வியை நம் அடுக்களை டப்பாவிடமும் கேட்கலாம்.

உறவினர் ஒருவர் அனுப்பிய படத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். எவர்சில்வர் தட்டில் மஞ்சள் தானியம் குவியலாக இருந்தது. டப்பாவில் 'தினை' என்று யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். இரவில், குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம். தட்டின் ஓரமும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. எவர்சில்வரே மஞ்சளாகத் தெரியும் படத்தில் தானியத்தின் மஞ்சளை நம்ப முடியாது; வெள்ளைச் சாமை கூட அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக வரும். குவியலாக இருந்ததால் எந்த மணியும் முழுதாகத் தெரியவில்லை. அளவை ஒப்பிட எதுவும் பக்கத்தில் இல்லை.

மறுநாள் காலை இன்னொரு படம் கேட்டேன். மங்கலான நீல நோட்டு அட்டை மேல் பத்து மணிகளை முனையோடு முனை தொட வரிசையாக வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைக்க வேண்டும். முடிந்தவரை பள்ளம் உள்ள பக்கம் மேலே வரட்டும். மூலையில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு. ஜன்னல் ஓரம், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி, ஃபிளாஷ் வேண்டாம். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஃபிளாஷ் நேராக அடிக்கும்போது பள்ளத்தில் நிழல் விழாது, மணி மொழுமொழுவென்று தெரியும். சாய்வான வெளிச்சத்தில்தான் பள்ளத்தின் கரை நிழலாக எழுந்து நிற்கும். கறுப்புத் துணி மேல் வைத்தால் போன் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, வெளிர் மணிகளை வெறும் வெள்ளைப் புள்ளிகளாக்கிவிடும். காகிதத் துண்டு வெள்ளையாகத் தெரிந்தால் மட்டுமே தானியத்தின் நிறத்தைக் கொஞ்சம் நம்பலாம். ஒரு மணியை அளப்பதைவிடப் பத்தை அளந்து வகுத்தால் பிழை குறையும்.

போனை மணிகளுக்கு மிக அருகே கொண்டுபோனால் கேமராவுக்குப் பார்வை குத்திட்டு நிற்காது, படம் மங்கிவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது தெளிவாக வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நுண்விவரம் முதலில் அழியும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன்.

இரண்டாவது படத்தில் பத்து மணிகளும் சேர்ந்து இருபத்திரண்டு மில்லிமீட்டர் வந்தன. ஒரு மணி இரண்டுக்குச் சற்று மேல். தினையரிசி சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பருத்த தினையும் உண்டு, மெலிந்த பனிவரகும் உண்டு. வடிவம் நீள்வட்டமாக இல்லாமல் உருண்டைக்கு நெருங்கியிருந்தது. பள்ளம் தெளிவாகத் தெரிந்த ஆறு மணிகளிலும் அது பாதியில் நின்றது, வாயும் அகலம். இவ்வளவே போதுமானதாக இருந்தாலும், சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது பதினோராவது மணி. குவியலைக் கிளறி உமி நீங்காமல் தப்பிய மணி ஏதாவது இருந்தால் வைக்கச் சொல்லியிருந்தேன். எந்த ஆலையிலும் நெல் ஒன்றிரண்டு தப்பி வருவது போலச் சிறுதானியத்திலும் வரும். அதுதான் மிக நல்ல சாட்சி. தினை உமியைப் பெரிதாக்கிப் பார்த்தால் குறுக்கே நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். இந்த மணியின் உமி வெண்மையாக, மொழுமொழுவென்று மின்னியது. டப்பாவில் இருந்தது பனிவரகு.

சாமையா குதிரைவாலியா என்று கேட்டாலும் வழி இதுவே. ஆனால் வெள்ளை அரிசிகளில் ஒரு தடங்கல் கூடுதல். பளபளவென்று நன்றாகத் தீட்டிய அரிசியில் பள்ளத்தின் கரையே தேய்ந்துபோயிருக்கும். அப்போது எத்தனை நல்ல படம் எடுத்தாலும் பத்தில் ஒன்றிரண்டு மணிதான் பேசும். குருணை அதிகமாக இருந்தால் அதுவும் இல்லை. அந்த நிலையில் பெயர் சொல்ல மறுப்பதே சரி. உமியோடு உள்ள தானியத்தையோ, தீட்டாத கைக்குத்தல் அரிசியையோ கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கலப்பு இருந்தாலும் இதே கவனம் தேவை. பத்து மணிகளில் எட்டு ஒரு மாதிரியாகவும் இரண்டு வேறு மாதிரியாகவும் இருந்தால், இரண்டையும் பிழை என்று தள்ளிவிடாமல் இன்னொரு பிடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

படத்தால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு. கேழ்வரகு அளவுக்கு மீறிச் சிவந்திருந்தால், ரோடமின் பி என்ற சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்ற சந்தேகம் வரும். கேமரா தன் விருப்பத்துக்கு நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, அதனிடம் இதைக் கேட்க முடியாது. இதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் எளிய சோதனையைத் தந்திருக்கிறது: பஞ்சைத் தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்துத் தானியத்தின் மேல் தேய்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் சாயம் கலந்திருக்கிறது. தண்ணீரில் ஒரு பஞ்சு, எண்ணெயில் ஒரு பஞ்சு என்று இரண்டு முறை செய்து பார்ப்பது நல்லது.